பதினைந்தாயிரம் சம்பளத்துக்கு உரிமையாளர் தரும் தொகை எவ்வளவு?

குன்னூர், உதகைப் பகுதி விடுதிகளுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துவரும் எனக்கு, சீசனுக்கு முன் ஆள் எடுக்கும் உரிமையாளர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி இது.

இருபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒரு விடுதியில், வரவேற்பு மேசைக்கு 15,000 ரூபாய் சம்பளத்தில் ஒருவரை எடுப்பதாகக் கொள்வோம். அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 13,000. எல்லா ஊழியருக்கும் தரப்படும் மலைப்படி 2,000. பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதனுடன் காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் தலா அரை சதவீதம் எனப் பி.எஃப். வகையில் 1,950 ரூபாய் ஆகிறது. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 488 ரூபாய். அந்தப் பணிக்குரிய குறைந்தபட்ச ஊதியம் 13,000 என்றால், 8.33 சதவீத போனஸுக்கு மாதம் 1,083 ரூபாய் ஒதுக்க வேண்டும். மாதத்துக்கு 26 வேலை நாள் என வைத்து, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடைக்கு மாதம் 721 ரூபாய். ஊழியர் தம் பங்குகள் போக 13,087 ரூபாயைக் கையில் வாங்கும்போது, உரிமையாளருக்கு 19,242 ரூபாய் ஆகியிருக்கும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஸ்வெட்டருடன் சீருடை ஆகியவை இதில் சேரவில்லை; மலையில் இவற்றைத் தவிர்த்து ஆள் கிடைப்பதும் அரிது.

சிக்கல் பெரும்பாலும் அந்த மலைப்படியில்தான் வருகிறது. அதை விட்டுவிட்டு 13,000க்கு மட்டும் பி.எஃப். கட்டினால் உரிமையாளருக்கு மாதம் 260 ரூபாய் மிச்சம். ஆனால் எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் படிகள் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆய்வுக்கு வருபவர் சம்பளப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும் அந்தப் பத்தியைத்தான் முதலில் பார்ப்பார். அந்தந்த மாதத்தில் பிடிக்காமல் விட்ட ஊழியர் பங்கான 240 ரூபாயைப் பின்னால் அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பதால், மாதத்துக்கு 500 ரூபாய் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ஓர் ஊழியருக்கே 18,000 ரூபாயை உரிமையாளரே கட்ட நேரும். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அபராதமும் தனி.

பணிக்கொடையைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. ஐந்து ஆண்டு யார் நிற்கப்போகிறார் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, காலவரையறை ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடைக்கு உரியவர் ஆகிறார். ஒரு கோடை சீசனில் ஒப்பந்தத்தில் சேர்ந்து அடுத்த கோடையும் தொடர்பவருக்கு அந்த 721 ரூபாயை முதல் மாதத்திலிருந்தே ஒதுக்கியிருக்க வேண்டும்.