ரிச், லீன்: செறிந்த கலவை, ஐதான கலவை

மோட்டார் சைக்கிள் காபரேட்டர் வழிகாட்டி ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தால், முதலில் தடுக்குவது ‘காபரேட்டர்’ என்ற பெயரல்ல. அந்தப் பெயர் கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் இந்தப் பாகத்தை ‘எரிவளிக் கலப்பி’ என்று தமிழில் சொல்லலாம். ஆனால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள எந்தக் கராஜிலும் ‘காபரேட்டர்’ என்றால்தான் கை அந்தப் பாகத்துக்குப் போகும். பாகத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். கவனம் வேண்டியது, அந்தப் பாகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று கைக்குச் சொல்லும் இரண்டு சொற்களில்: ரிச், லீன்.

ஆங்கிலத்தில் ‘ரிச்’ என்பதன் மூலப்பொருள் ‘வலிமையுள்ள’ என்பது. பிறகுதான் ‘செல்வமுள்ள’ என்ற பொருள் வந்தது. ‘லீன்’ என்றால் மெலிந்தது, கொழுப்பில்லாதது. அகராதியைப் பார்த்து ‘வளமான கலவை’, ‘மெலிந்த கலவை’ என்று எழுதினால் இலக்கணத்தில் பிழையில்லை, வேலையில் பிழை வரும். வளம் என்பது தமிழில் நல்ல சொல், மெலிவு குறையைச் சொல்வது. ‘கலவை வளமாக உள்ளது’ என்று படிக்கும் பையன் வண்டி நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வான். புத்தகம் சொல்ல வந்ததோ, பெற்றோல் தேவைக்கு மேலே போகிறது என்பதை.

நம் நாட்டுப் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இதற்குத் தோதான சோடி ஏற்கெனவே இருக்கிறது. அமிலக் கரைசலைப் பற்றிப் படிக்கும்போது ‘செறிந்த’, ‘ஐதான’ என்றே படித்தோம். தமிழ்நாட்டில் அடர், நீர்த்த என்பார்கள். ‘நீர்த்த’ இங்கே பொருந்தாது, பெற்றோலில் யாரும் தண்ணீர் கலக்கவில்லை. ‘ஐது’ என்பது மென்மையையும் நுண்மையையும் குறிக்கும் பழஞ்சொல், காற்றோடு கலந்த பெற்றோலுக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆகவே ரிச் என்றால் செறிந்த கலவை, லீன் என்றால் ஐதான கலவை. பாடசாலைப் பக்கம் அதிகம் போகாதவருக்கு, முதல் முறை வரும் இடத்தில் ‘பெற்றோல் கூடின’, ‘காற்றுக் கூடின’ என்று பக்கத்திலேயே விளக்கம் சேர்த்துவிட வேண்டும். சாயம் கூடின தேத்தண்ணி, சாயம் குறைந்த தேத்தண்ணி என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மலைநாட்டில் இந்தச் சோடி அன்றாடம் தேவைப்படுவதற்குக் காரணம் உயரம். பெற்றோல் சரியாக எரிய, ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், அதே கொள்ளளவுக் காற்றின் எடை கொழும்பில் இருப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் அளவுக்கு, ஜெட் எனப்படும் சிறு துளை வழியே போகும் பெற்றோல் குறைவதில்லை, ஏறக்குறைய அதில் பாதியளவுதான் குறையும். எனவே கொழும்பில் சரியாக டியூன் பண்ணிய வண்டி, யாரும் கைவைக்காமலே மேலே வந்ததும் செறிந்த கலவைக்கு மாறிவிடும்.

அப்படி வந்த ஒரு 125 சிசி வண்டியை எடுத்துக்கொள்வோம். சொந்தக்காரர் சொல்வது ஒன்றுதான்: “பாஸ், நானுஓயா ஏத்தத்துல வண்டி இழுக்குதில்ல.” வழிகாட்டியில் இதே முறைப்பாடு காபரேட்டர் அத்தியாயத்திலும் கிளச் அத்தியாயத்திலும் வரும். ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரொட்டிலைத் திருகும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. அப்போது பார்க்க வேண்டியது, ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ பிளே’ எனப்படும் லீவரின் வெறும் ஆட்டம். பல வண்டிகளுக்கு இது லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர். இதைத் ‘தளர்வு’ என்று எழுதினால், இறுக்கிச் சரிசெய்ய வேண்டிய பழுது என்று தோன்றும். ஆட்டமே இல்லாமல் இறுக்கினால்தான் கிளச் வழுக்கும். எஞ்சின் சத்தமும் ஏறாமல் திணறி, பின்னால் கறுப்புப் புகை வந்தால் காபரேட்டர் பக்கம் போகலாம்.

நம்முடைய வண்டி திணறுகிறது. பிளக்கைக் கழற்றினால் காய்ந்த கரி படிந்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக இருந்திருந்தால் வேறு கதை. உடனே கலவையைச் சரிசெய்யும் திருகில் கைவைக்கக்கூடாது, முதலில் எயார் ஃபில்டர். அது அடைபட்டிருந்தாலும் கலவை செறிந்துவிடும். ஃபில்டர் சுத்தமாக இருந்த பிறகே திருகு.

மொழிபெயர்ப்பில் மிக ஆபத்தான இடம் இதுதான். கராஜில் ‘மிக்சர் ஸ்க்ரூ’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு திருகுகள் திரிகின்றன. ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றுத் திருகு, வெளியே திருப்பினால் காற்றுக் கூடிக் கலவை ஐதாகும். எஞ்சின் பக்கம் இருப்பது எரிபொருள் திருகு, அதை வெளியே திருப்பினால் பெற்றோல் கூடிக் கலவை செறியும். ‘திருகை வெளியே எடுக்கவும்’ என்று மட்டும் தமிழில் எழுதினால், பாதி வண்டிகளுக்கு நேர் எதிரான வேலை நடக்கும். ஆகவே இரண்டு பெயர்களையும் பிரித்து எழுதி, ஒவ்வொரு முறையும் ‘ஐதாக்க’ அல்லது ‘செறிவாக்க’ என்று நோக்கத்தையும் சேர்க்க வேண்டும்.

நம் வண்டியில் இருப்பது எரிபொருள் திருகு. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, திருகை உள்ளே திருப்பி, அடியில் மெதுவாக முட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். ‘இறுக்கவும்’ என்று எழுதினால் திருகின் கூர்முனை நசுங்கிவிடும். அங்கிருந்து கையேடு சொல்லும் அளவுக்கு வெளியே எடுத்து, எஞ்சினை ஐடிலில் விட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாக உள்ளே கொண்டுவர வேண்டும். சத்தம் மிக உயர்ந்து சீராக நிற்கும் இடமே சரியான இடம். பிறகு ஐடில் திருகால் வேகத்தைக் கையேட்டின் அளவுக்கு இறக்கிவிடலாம்.

இந்தத் திருகு ஐடிலிலும், ஏறக்குறைய கால்வாசித் திரொட்டில் வரையும்தான் வேலை செய்யும். ஏற்றத்தில் பாதித் திரொட்டிலில் திணறினால், காபரேட்டருக்குள் ஏறி இறங்கிப் பெற்றோலின் அளவை மாற்றும் ஊசியின் கிளிப்பைப் பார்க்க வேண்டும். இங்கே இன்னொரு சொல் சிக்கல்: கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினால் ஊசி கீழே இறங்கும், கலவை ஐதாகும். கையேடு ‘மேலே’ என்று சொல்வது கிளிப்பையா ஊசியையா என்று பார்த்து, அந்தப் பெயரை வாக்கியத்தில் விடாமல் எழுத வேண்டும். முழுத் திரொட்டிலிலும் திணறினால் ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போட வேண்டும், திருகை எவ்வளவு திருப்பினாலும் அது சரிவராது.

வேலை முடிந்து சில கிலோமீற்றர் ஓடிய பின் பிளக் இளம் மண்ணிறமாக இருந்தால் கலவை சரி. வெள்ளையாக வெளிறியிருந்தால் ஐதாக்கியது அளவுக்கு மீறிவிட்டது, எஞ்சின் சூடேறும். அதனால் வழிகாட்டியின் தமிழ்ப் பக்கத்தில், மெயின் ஜெட் பகுதிக்குக் கீழே ஒரு வரி சேர்க்க விரும்புகிறேன்: ‘மேலே ஐதாக்கிய வண்டியைக் கொழும்புப் பக்கம் தொடர்ந்து ஓட்டுவதானால், பழைய ஜெட்டையும் கிளிப்பின் பழைய இடத்தையும் மீண்டும் வைக்கவும், அதற்காக, இங்கே கழற்றும் பழைய ஜெட்டை உரிமையாளரிடமே கொடுக்கவும்.’