அட்மிஷன் சீசனில் வாரக் கணக்கு ஏன் ஏமாற்றுகிறது?

தனியார் கல்லூரிகளின் அட்மிஷன் சீசன் சில வாரங்களில் முடிந்துவிடும். "இந்த வாரம் இத்தனை என்கொயரி, இத்தனை அட்மிஷன்" என்று வாராவாரம் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்ப்பது வழக்கம். ஆனால் இந்த வாரம் பணம் கட்டியவர் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் விசாரித்தவராக இருக்கலாம். என்கொயரி திடீரென்று கூடினால் விகிதம் சரிந்ததுபோலத் தெரியும். என்கொயரி வற்றும் கடைசி வாரங்களில் அதே விகிதம் அட்டகாசமாக ஏறும். இரண்டுமே பொய்த்தோற்றம்.

சரியான வழி, மாணவர்களை அவர்கள் விசாரித்த வாரத்தின்படி குழுவாக்கி, ஒவ்வொரு குழுவையும் விசாரித்ததிலிருந்து அதே எண்ணிக்கை நாட்கள் கழிந்த நிலையில் ஒப்பிடுவது. உதாரணமாக, முதல் வாரத்தில் 200 பேர் விசாரித்து, அவரவர் விசாரித்த நாளிலிருந்து 7 நாளுக்குள் 20 பேர் கவுன்சலிங்குக்கு நேரில் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரச் செலவைக் கூட்டியபின் மூன்றாம் வாரத்தில் 500 பேர். 7 நாளுக்குள் வந்தவர்கள் 30. வருகை கூடியிருக்கிறது, ஆனால் விகிதம் 10 சதவீதத்திலிருந்து 6 ஆகிவிட்டது.

உடனே விளம்பரத்தைக் குறை சொல்லத் தோன்றும். அதற்கு முன் முதல் அழைப்பு எப்போது போனது என்று பிரித்துப் பாருங்கள். அன்றைக்கே அழைக்கப்பட்ட 250 பேரில் 25 பேர் வந்திருக்க, இரண்டு நாள் கழித்து அழைக்கப்பட்ட 250 பேரில் 5 பேர்தான் வந்திருந்தால், சந்தேகம் விளம்பரத்தைவிட்டு அழைப்பு மேசைப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: தாமதமானவர்கள் எல்லாம் ஒரே விளம்பரம் வழியாக வந்தவர்களா என்பதையும் பார்த்தாக வேண்டும். அப்படியானால் இரண்டு காரணங்களும் பின்னிக்கிடக்கின்றன, இந்த எண்களால் பிரிக்க முடியாது.

இதற்கெல்லாம் ஒவ்வொரு மாணவருக்கும் நான்கு தேதிகள் தனித்தனிக் கட்டங்களில் வேண்டும்: விசாரித்தது, முதலில் அழைத்தது, நேரில் வந்தது, பணம் கட்டியது. பல இடங்களில் "நிலை" என்று ஒரே கட்டம் இருக்கும். "அழைத்தாயிற்று" என்பதை அழித்து "வந்தார்" என்று எழுதுவார்கள். அந்த நொடியே பழைய தேதி போய்விடும்.

அடுத்த ஓட்டை வரவேற்பு மேசை. மாணவி தன் எண்ணில் இணையப் படிவம் நிரப்பியிருப்பார். நேரில் வரும்போது அப்பா தன் எண்ணைச் சொல்வார். ஊழியர் "நேரடி வருகை" என்று புதுப்பதிவு போட்டுவிடுவார். விளம்பரக் கணக்கில் ஒரு வருகை காணாமல் போகும், என்கொயரி ஒன்று கூடும். நேரடி வருகைகள் மட்டும் நம்ப முடியாத அளவுக்கு நல்ல விகிதம் காட்டினால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். புதுப்பதிவுக்கு முன் மாணவர், பெற்றோர் இருவர் எண்களையும் தேடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

முன்பணத்தையே அட்மிஷனாக எண்ணினால் கணக்கு ஊதிப்போகும். இடத்தைப் பிடித்துவைத்துவிட்டு வேறு கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு. ஆகவே விலகிய தேதிக்கு ஐந்தாவதாக ஒரு கட்டம்.