பொங்கல் கபடிக்குக் களம் போடப் போறீங்களா? கெஜம் வேறு, மீட்டர் வேறு

நம்ம பர்மாவில் பெகு பக்கத்து ஊர்களிலும் மோன் மாநிலத்துப் பக்கத்திலும் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் பொங்கல் விளையாட்டுக்கு ஆள் சேர்க்க ஆரம்பித்துவிடுவார்கள். நடுவராக ஊர் ஊராகப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தகராறு பெரும்பாலும் விசில் ஊதியதால் வருவதில்லை. காலையில் கோடு போட்டவர்கள் எப்படிப் போட்டார்கள் என்பதிலேயே சாயங்காலத்துச் சண்டை பாதி முடிவாகிவிடுகிறது.

ஒரு ஊரில் நடந்ததைச் சொன்னால் விஷயம் புரியும். களம் தயாராக இருந்தது, பார்க்க நேராகவும் இருந்தது. ஆனால் முதல் ஆட்டத்திலேயே பாடிப் போன பையன்களெல்லாம் சர்வசாதாரணமாகப் போனஸ் புள்ளி எடுத்தார்கள். பிடிக்கும் அணி "இது என்ன களம் அண்ணே, காலை நீட்டினாலே போனஸா?" என்று கத்தியது. இடைவேளையில் டேப்பை எடுத்து அளந்தால் களத்தின் நீளம் 39 அடி. ஆண்கள் களம் 13 மீட்டர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், இவர்கள் மீட்டருக்குப் பதிலாகக் கெஜத்தை எடுத்து, ஒரு கெஜத்துக்கு மூன்று அடி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம்ம நாட்டில் துணி முதல் பலவற்றுக்கும் கெஜமும் அடியும்தான் புழக்கம், கடையில் கிடைக்கிற டேப்பிலும் அடிதான் பெரிதாகத் தெரியும், அதனால் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 13 மீட்டர் என்பது 42 அடி 8 அங்குலம். மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே குறைந்தால் என்ன என்று தோன்றும், ஆனால் போனஸ் கோட்டில் அது எப்படி விழுகிறது பாருங்கள். நடுக்கோட்டிலிருந்து போனஸ் கோடு 4.75 மீட்டர், அதாவது 15 அடி 7 அங்குலத்தில் இருக்க வேண்டும். அந்தக் களத்தில் 14 அடி 3 அங்குலத்தில் இருந்தது. ஒன்றேகால் அடிக்கு மேல் கிட்டே வந்துவிட்டது. கொஞ்சம் கால் நீளமான பையனுக்கு அது போதும்.

சரி, சரியான அளவு என்ன? ஆண்களுக்கு நீளம் 13 மீட்டர், அகலம் 10 மீட்டர், நடுவில் பிரித்தால் ஒவ்வொரு பாதியும் ஆறரை மீட்டர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன், அதைத் தாண்டி இன்னும் ஒரு மீட்டரில் போனஸ் கோடு, அதற்கப்புறம் கடைசிக் கோடு வரை 1.75 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலத்தில் லாபி. இந்த லாபியில்தான் அடுத்த குழப்பம். பத்து மீட்டர் அகலத்தைப் போட்டு முடித்துவிட்டு, லாபி என்றால் வெளியே ஒட்டிக்கொள்வது என்று நினைத்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் கூடுதலாகப் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் தொடாமல் ஓடக்கூடிய இடம் 8 மீட்டருக்குப் பதில் 10 மீட்டர் ஆகிவிடும். ஏழு பேர் கைகோத்து மறிக்க வேண்டிய இடத்தில் இரண்டு மீட்டர் கூடினால் கார்னரில் நிற்பவன் பாடு திண்டாட்டம்தான். லாபி எப்போதும் அந்தப் பத்து மீட்டருக்கு உள்ளேயே இருக்கும். யாரையும் தொடாமல் பாடுபவர் அதில் காலை வைத்தால் அவுட், தொட்ட பிறகுதான் அது ஆடும் இடமாக மாறும். அதனாலேயே லாபிக் கோடு மங்கலாக இருக்கக் கூடாது. ஒரு விரல் பட்டதா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கிற நடுவர் கால் எங்கே இருக்கிறது என்பதையும் அதே நொடியில் பார்த்தாக வேண்டும்.

இப்போது கோடு போடும் முறை. பலர் ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, அளந்து, அங்கே முளை அடித்து, அடுத்ததை அங்கிருந்து அளந்துகொண்டு போவார்கள். ஒவ்வொரு அளவிலும் அரை அங்குலம் தவறினாலும் கடைசியில் எல்லாம் சேர்ந்து நிற்கும். நான் செய்வது வேறு. முதலில் நடுக்கோட்டைப் போடுகிறேன், அதுவும் களத்தின் நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கும்படி பார்த்துக்கொண்டு. தை மாதச் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து படுத்து அடிக்கும், களம் கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு அணி முழுப் பாதி ஆட்டமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்கும். களத்தைச் சுற்றி நாலு மீட்டர் காலி இடமும் வேண்டும், மாட்டுவண்டி, ஸ்பீக்கர் கம்பம், கிணற்றுச் சுவர் எதுவும் அதற்குள் வரக் கூடாது.

நடுவில் ஒரு முளை. அதன் இரு பக்கமும் 5 மீட்டரில் முளை அடித்து நூலை இழுத்துக் கட்டினால் அதுதான் நடுக்கோடு, மொத்தம் பத்து மீட்டர். அதே நூலில் இரு பக்கமும் 4 மீட்டரில் ஒரு குறி வைத்தால் லாபி அங்கே ஆரம்பிக்கிறது. அப்புறம் நடுக்கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் செங்குத்தாக ஆறரை மீட்டர் போக வேண்டும், செங்குத்து சரியாக இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஒரு பாதிக் களத்தின் மூலைக்கு மூலை 11 மீட்டர் 93 சென்டிமீட்டர் வர வேண்டும், அடியில் சொன்னால் 39 அடி ஒன்றரை அங்குலம். இரண்டு மூலைவிட்டமும் அந்த அளவுக்கு வந்துவிட்டால் கோணம் சரி. ஒன்று கூடி ஒன்று குறைந்தால் களம் சாய்ந்திருக்கிறது, கடைசிக் கோட்டு முளைகள் இரண்டையும் ஒரே பக்கமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்காதீர்கள், இழுக்க இழுக்க நீளும். டேப் இல்லையென்றால் கட்டுக்கம்பியில் குறி வையுங்கள்.

நான்கு ஓரமும் நின்ற பிறகு பாக் லைனையும் போனஸ் கோட்டையும் இரண்டு லாபிக் கோடுகளின் மேலும் நடுக்கோட்டிலிருந்தே அளந்து குறிக்கிறேன். டேப்பின் பூச்சியம் நடு நூலில், 3.75-இல் ஒரு குறி, டேப்பை எடுக்காமலே 4.75-இல் இன்னொன்று. போனஸ் கோட்டைக் கடைசிக் கோட்டிலிருந்து அளந்தால், கடைசிக் கோட்டில் இருக்கிற பிழையெல்லாம் இதற்கும் வந்து சேரும். இந்த இரண்டு கோடுகளும் லாபிக் கோட்டோடு நின்றுவிட வேண்டும், 8 மீட்டர் நீளம்தான். லாபிக்குள் நீட்டி இழுக்காதீர்கள்.

கோட்டின் பருமன் 3 முதல் 5 சென்டிமீட்டர், இரண்டு விரல் மூன்று விரல் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். கோடும் களத்தைச் சேர்ந்தது, அதனால் 13 என்பது வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைக்கும். கையால் அள்ளித் தூவினால் கோடு சாண் அகலத்துக்குப் பரவிவிடும். ஆறு பேரோ ஏழு பேரோ எதிரே நிற்கும்போது, பாடுபவரின் ஒரு பாதம் போனஸ் கோட்டை முழுசாகத் தாண்டி ஊன்றி, மற்ற கால் அந்தரத்தில் இருந்தால்தான் போனஸ். கோடு சாண் அகலம் இருந்தால் தாண்டியதா இல்லையா என்று யார் சொல்வது? இரண்டு பலகையை மூன்று விரல் இடைவெளியில் நூலை ஒட்டிப் படுக்கவைத்து நடுவில் தூவினால் கோடு கத்திபோல் விழும்.

எதைத் தூவுவது? இதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்துவது. சுண்ணாம்பு இங்கே எந்த வெற்றிலைக் கடையிலும் கிடைக்கும், சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்புத் தூள் இன்னும் மலிவு, அதனால் மூட்டை வாங்கிக் கொட்டிவிடுகிறார்கள். கபடியில் பந்து இல்லை, கோட்டின்மேல் உருளுவது மனுஷன். பிடிபட்டவன் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டும்போது அவன் முகம் மண்ணோடு மண்ணாக இருக்கும், மேலே நாலு பேர் கிடப்பார்கள். வியர்வையில் நனைந்த சுண்ணாம்பு சிராய்ப்பில் பட்டால் எரித்துப் புண்ணாக்கும், கண்ணில் போனால் பார்வையே போகலாம். சுட்ட சுண்ணாம்புக்கல் இன்னும் மோசம், ஈரம் பட்டதும் கொதிக்கும். அடுப்புச் சாம்பலும் காரம்தான், அதையும் தவிர்க்கலாம். கரும்பலகைச் சாக்பீஸ் மாதிரியான மாவோ, வெள்ளைக் களிமண் பொடியோ, கிடைக்காத ஊரில் கோலமாவாக அரிசி மாவோ போதும். வயல் மண் கறுப்பாக இருந்தால் வெள்ளை மணலே நன்றாகத் தெரியும். வாங்கிய தூள் என்னவென்று சந்தேகம் வந்தால் ஒரு தகர டப்பாவில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், சூடேறினால் அது களத்துக்கு வேண்டாம். ஆனால் சூடேறவில்லை என்பதாலேயே நல்லது என்று நம்பிவிடாதீர்கள், ஏற்கெனவே நீர்த்த சுண்ணாம்பு சூடேறாது, அதுவும் எரிக்கும். யார் கண்ணிலாவது போய்விட்டால் தேய்க்க விடாமல், தூளைத் தட்டிவிட்டு, சுத்தமான தண்ணீரை இருபது நிமிஷமாவது ஊற்றிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கயிற்றையோ நாடாவையோ ஆணி அடித்துக் கோடாக்குவதும் வேண்டாம். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டால் கட்டைவிரல் நகம் போய்விடும். மண்வெட்டியால் பள்ளம் கீறுவதும் கணுக்காலுக்கு ஆகாது. வயல் என்றால் கோடு போடும் முன் நெல் தாளை வேரோடு எடுத்து, கட்டி உடைத்து, வெடிப்பை மூடி, முந்தின நாளே தண்ணீர் தெளித்துவிடுங்கள், தூள் ஓடாமல் உட்காரும்.

கடைசியாக, அக்கா தங்கச்சிகள் ஆட்டமும் அதே களத்தில் என்றால். பெண்கள் களம் 12-க்கு 8 மீட்டர், பாக் லைன் 3 மீட்டரில், போனஸ் 4 மீட்டரில், லாபி அதே ஒரு மீட்டர். இதில் ஒரு வசதி இருக்கிறது, பாதிக் களம் 6-க்கு 8, அதனால் மூலைவிட்டம் கச்சிதமாக 10 மீட்டர், கணக்கே வேண்டாம். நடுக்கோடும் நடு முளையும் அதேதான், ஆண்களின் லாபிக் கோடு இவர்களுக்கு வெளி எல்லை. வம்பு எங்கே என்றால், பெண்களின் போனஸ் கோடு ஆண்களின் பாக் லைனுக்கு 25 சென்டிமீட்டர் தள்ளி வரும். இரண்டும் ஒரே நேரத்தில் களத்தில் கிடந்தால் எது எது என்று விளையாடுபவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் பெண்கள் ஆட்டத்தை முதலில் முடித்துவிட்டு, அவர்களின் பாக் லைன், போனஸ், லாபி, கடைசிக் கோடுகளை விளக்குமாற்றால் கலைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஆண்களுக்குப் போடச் சொல்கிறேன். முளைகளைத் தரைமட்டத்துக்குக் கீழே அடித்து மேலே மண் போட்டு வைத்திருந்தால் அரைமணி நேர வேலை. தலை வெளியே தெரிகிற முளை ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, அதை மட்டும் நீங்களே குனிந்து கையால் தடவிப் பாருங்கள்.