கேள்வி வடிவில் வரும் பதில்கள்: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

தமிழில் பேசிப் பதிவான விசாரணைகளைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதித் தருவது என் வேலை. அதைப் படித்து முடிவெடுப்பவர்களுக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியாது. பேசியவரின் குரல் அவர்களுக்குக் கேட்காது, நான் எழுதிய வரி மட்டும்தான் தெரியும். அதனால் ஒரு கேள்விக்குறி தப்பான இடத்தில் விழுந்தால்கூட ஒருவரின் பதில் வேறாகிவிடும்.

வேறொருவர் மொழிபெயர்த்த பதிவு ஒன்று சரிபார்க்க என்னிடம் வந்தது. ஓர் அலுவலகத்தின் உள்விசாரணை. காசாளரிடம், "அன்னைக்குச் சாயங்காலம் பெட்டியிலிருந்து பணத்தை எடுத்தது நீங்களா?" என்று கேட்கிறார்கள். அவர் சொல்கிறார்: "நான் எடுக்காம வேற யாரு எடுப்பா? சாவி என்கிட்டதானே இருக்கு. தினமும் எடுத்து பேங்க்ல கட்டறது நான்தானே."

தமிழில் இதைவிடத் தெளிவான பதில் இருக்க முடியாது. ஆமாம், நான்தான் எடுத்தேன், அதுதான் என் வேலை என்கிறார். ஆனால் மொழிபெயர்ப்பில் முதல் வரி இப்படி இருந்தது: 'இஃப் ஐ டோன்ட் டேக் இட், ஹூ எல்ஸ் வில்?' அடுத்த இரண்டு வரிகளும் அதே போலக் கேள்விகளாகவே இருந்தன. அதைப் படித்த விசாரணை அதிகாரி ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். கேட்டதற்கு அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை, எதிர்க்கேள்வி கேட்டு மழுப்புகிறார் என்று.

காசாளர் மழுப்பவே இல்லை. அந்த ஒரு வரியில் எங்கே வழுக்கியது என்று பார்ப்போம்.

முதலில் 'எடுக்காம' என்ற சொல். அதை நிபந்தனையாக, 'நான் எடுக்காவிட்டால்' என்று எடுத்துக்கொண்டதால் ஆங்கிலத்தில் 'இஃப்' வந்துவிட்டது. இங்கே அதன் பொருள் 'என்னைத் தவிர' என்பதுதான். அடுத்தது 'எடுப்பா'. எதிர்கால வடிவம்தான், ஆனால் தமிழில் அந்த வடிவம் வழக்கமாக நடப்பதையும் நடந்திருக்கக்கூடியதையும் சேர்த்தே சொல்லும். ஆங்கிலத்தில் 'வில்' என்று போட்டதும் நடந்து முடிந்த ஒரு நாளைப் பற்றிய பதில் இனி நடக்கப்போவதைப் பற்றியதாகிவிட்டது. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஒருவர் ஆமாம், இல்லை என்று கேட்டதற்கு ஆங்கிலத்தில் கேள்வியாலேயே பதில் வந்தால், அதைப் படிப்பவருக்கு எரிச்சலோ சவாலோ தெரியும். தமிழில் அப்படி இருக்க வேண்டியதில்லை. "கல்யாணத்துக்கு வருவீங்களா?" என்றால் "வராம இருப்பேனா?" என்கிறோம். அதில் இருப்பது அன்பு மட்டுமே. அதையே சொல்லுக்குச் சொல் 'வுட் ஐ நாட் கம்?' என்று எழுதினால் அழைத்தவர் என்ன தப்பு செய்தோமோ என்று யோசிப்பார். 'ஆஃப் கோர்ஸ் ஐ வில்' என்றால் சரியாகப் போய்ச் சேரும்.

இது பேச்சு வழக்கில் புகுந்த புதுப்பழக்கமும் இல்லை. நன்னூல் விடைகளை எட்டாகப் பிரிக்கிறது. சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மீதி ஐந்தும் குறிப்பால் விடை தருபவை. அந்த ஐந்தில் ஒன்று 'வினா எதிர் வினாதல்', அதாவது கேட்ட கேள்விக்குக் கேள்வியாலேயே பதில் சொல்வது. பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். தமிழ் இலக்கணம் அதை விடை என்றே கணக்கில் வைத்திருக்கிறது. அதைக் கேள்வியாகவே மொழிபெயர்த்துவிட்டு, அவர் பதில் சொல்லவில்லை என்ற முடிவுக்கு இடம் கொடுப்பது பேசியவருக்குச் செய்யும் அநியாயம்.

சரி, எப்படித்தான் எழுதுவது? நான் திருத்தியது இது: 'ஆஃப் கோர்ஸ் ஐ டிட். நோபடி எல்ஸ் வுட் ஹேவ். ஐ ஹேவ் த கீ.' வெறும் 'யெஸ்' என்றே எழுதியிருக்கலாமே என்று ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் என்னிடம் கேட்டார். எழுதக் கூடாது. 'இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது' என்ற அழுத்தத்தோடுதான் காசாளர் பேசுகிறார். 'யெஸ்' என்றால் செய்தி வந்துவிடும், அந்த அழுத்தம் போய்விடும். 'வேற யாரு' என்று அவர் சொன்னதும் காணாமல் போகும். கேள்வி வடிவத்தை விடலாம், அது சுமந்து வந்ததை விடக் கூடாது.

அதே விசாரணையில் இன்னொருவரிடம், பணம் கட்டிய ரசீதுப் புத்தகம் காணாமல் போனது பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னது: "அதை நான் எடுத்து என்ன பண்ணப் போறேன்?" மொழிபெயர்ப்பில் இருந்தது: 'வாட் ஆம் ஐ கோயிங் டு டூ ஆஃப்டர் டேக்கிங் இட்?' இது எனக்கு முதல் பிழையைவிட அதிகப் பயத்தைக் கொடுத்தது. தமிழில் 'எடுத்து' என்பது நடந்ததாகச் சொல்லவில்லை. எடுத்தாலும் எனக்கு ஒரு பயனும் இல்லை என்பதுதான் பேச்சு. ஆங்கிலத்தில் 'ஆஃப்டர் டேக்கிங் இட்' என்றதும் எடுத்துவிட்ட ஒருவர், இனி அதை வைத்து என்ன செய்வது என்று முழிப்பதாகத் தெரிகிறது. மறுப்பு ஒப்புதலாகவே மாறிவிட்டது.

இதற்கு நான் எழுதியது: 'இட் வுட் பீ ஆஃப் நோ யூஸ் டு மீ.' 'ஐ டிட் நாட் டேக் இட்' என்று எழுதவில்லை. இங்கே ஓர் எல்லை இருக்கிறது. "நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?" என்றால் எடுத்தேன் என்பது அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. "எடுத்து என்ன பண்ணப் போறேன்?" என்றால், எடுக்கவில்லை என்று நாம் ஊகிக்கிறோம். அவர் சொன்னது தனக்குப் பயன் இல்லை என்பது மட்டும். சொன்ன இடத்தில் சொன்னதாக எழுதலாம், ஊகத்தைப் படிப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

'வேற என்ன' என்ற இரண்டு சொற்கள் இன்னும் வேடிக்கை காட்டும். தொலைபேசியில் பேச்சு ஓய்ந்ததும் "அப்புறம், வேற என்ன?" என்று கேட்டால், புதுச்செய்தி உண்டா என்று கேட்பது, பேச்சை முடிக்கும் சாயலும் அதில் இருக்கும். "வெறும் அலைச்சல்தான், வேற என்ன?" என்றால் அலைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை என்று பொருள், ஆங்கிலத்தில் 'இட்ஸ் ஜஸ்ட்' என்று தொடங்கினால் போதும். "வேற என்ன செய்ய?" என்றால் வழியில்லை. இங்கே மட்டும் 'வாட் எல்ஸ் குட் ஐ டூ?' என்று கேள்வியாகவே எழுதலாம், ஆங்கிலமும் அதைக் கையறு நிலையாகப் புரிந்துகொள்ளும். ஆக, கேள்விகளை எல்லாம் உடைத்துக் கூற்றாக மாற்றுவதும் விதி இல்லை. "நீ என்ன பெரிய ஆளா?" என்பதற்கு 'ஹூ டூ யூ திங்க் யூ ஆர்?' என்று அதே சூடு உள்ள கேள்வி ஆங்கிலத்தில் தயாராக இருக்கிறது.

இன்னொரு சின்னப் பொறி: "எனக்கு என்ன தெரியும்?" இதை 'வாட் டூ ஐ நோ?' என்று எழுதினால் சொற்கள் அச்சாகப் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் அது, தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டே தெரியாததுபோல் பேசும் கிண்டலாகவும் ஒலிக்கும். சாட்சியம் போன்ற இடங்களில் 'ஐ நோ நத்திங் அபௌட் இட்' என்பதே பாதுகாப்பு.

கேட்பது உண்மையான கேள்வியா, இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தை மட்டும் பார்த்தால் சில இடங்களில் முடியாது. 'நானா எடுத்தேன்?' என்றால் எடுத்தது நான் இல்லை, வேறு யாரோ என்ற மறுப்பு. 'நான் எடுப்பேனா?' என்றால் அப்படிச் செய்கிற ஆள் நான் இல்லை என்பது. ஆனால் 'நான் எடுத்தேனா?' என்பது மறுப்பாகவும் இருக்கலாம், நினைவில்லாமல் யோசிப்பதாகவும் இருக்கலாம். அந்த மாதிரி வரி வந்தால் எழுத்துப் படியை மூடிவிட்டு ஒலிக்குத் திரும்புவேன். அதற்கு முன்னும் பின்னும் உள்ள பேச்சையும் சேர்த்துக் கேட்பேன். பேசியவர் பதிலுக்காக நிறுத்துகிறாரா, நிறுத்தாமல் அடுத்ததற்குப் போகிறாரா என்பது முதலில் தெரியும். காசாளர் மூச்சுவிடாமல் சாவிக்குப் போனார். அடுத்து, எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனிப்பேன். உண்மையான கேள்விக்குத் தகவல் வரும். கூற்றாக வந்த கேள்விக்கு "அதானே" என்று வரும். "அதானே" என்று ஒருவர் சொன்னால் அதற்கு முன் வந்தது கேள்வி இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். முன்னால் ஓர் "ஆமாம்" அல்லது "இல்லை" சேர்த்துப் படித்தும் பார்க்கலாம். 'ஆமாம், நான் எடுக்காம வேற யாரு எடுப்பா' என்று இயல்பாக ஒட்டினால், அது ஆமாம்தான்.

நேரில் நின்று வாய்மொழியாக மொழிபெயர்க்கும்போது ஒலியைத் திருப்பிக் கேட்க வழி கிடையாது. அங்கே இரண்டு பொருளும் சம எடையில் நின்றால் நானாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. 'மொழிபெயர்ப்பாளர் விளக்கம் கேட்க விரும்புகிறார்' என்று என்னைப் படர்க்கையில் வைத்துச் சொல்லி, அனுமதி வாங்கிவிட்டுப் பேசியவரிடமே கேட்பேன். பேசுபவரின் வார்த்தைகளை 'நான்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன் என்பதால், இந்த இடத்தில் என் குரல் தனியாகத் தெரிய வேண்டும்.

எழுத்தில் என்றால் அடிக்குறிப்பு. காசாளரின் பதிலுக்கு நான் போட்ட குறிப்பு மூன்று வரி: மூலத்தில் கேள்வி வடிவம், தமிழில் இது உறுதியான ஒப்புதலாக வழங்குவது, பேசியவர் பதிலுக்காக நிற்கவில்லை என்பது. அதன் கீழே ஒலியில் அந்த இடம் வரும் நிமிடமும் நொடியும். திருத்திய படி போன பிறகு அதிகாரி அந்த நிமிடத்தை ஒரு தமிழ் தெரிந்தவரை வைத்துக் கேட்டுப் பார்த்தார். ஓரத்தில் எழுதியிருந்த குறிப்பை அடித்துவிட்டு, "நேரடியாக ஒப்புக்கொண்டார், வங்கிச் சீட்டைச் சரிபார்க்கவும்" என்று எழுதினார்.