இணைப் பேரேடு: ஒரே ஈஆர்பி, இரண்டு தேய்மானக் கணக்கு

பாரலல் லெட்ஜர் என்று, நிறுவனத்தின் எல்லாத் துறைகளின் வேலையையும் ஒன்றாகக் கையாளும் ஈஆர்பி மென்பொருளின் ஆலோசகர்கள் சொல்வதற்குத் தமிழில் 'இணைப் பேரேடு' என்பதே பொருத்தமான சொல். ஒரே நிறுவனத்தின் ஒரே வரவு செலவுகளை, வெவ்வேறு கணக்கியல் விதிகளின்படி, ஒரே மென்பொருளுக்குள் தனித்தனி முழுப் பேரேடுகளாக வைத்திருப்பது அதன் பொருள். வாடகை, சம்பளம், விற்பனை ஆகியவை வழக்கமாக எல்லாப் பேரேடுகளிலும் ஒரே தொகையில் இருக்கும். தேய்மானம் போல விதிக்கு விதி மாறுபவை மட்டும் பேரேட்டுக்குப் பேரேடு வேறுபடும்.

லெட்ஜர் என்ற ஆங்கிலச் சொல், 'கிடத்தல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது. ஓரிடத்திலேயே நிரந்தரமாகக் கிடக்கும் பெரிய புத்தகம் என்பது அதன் பழைய பொருள். தமிழில் பெருமை + ஊர் = பேரூர் ஆவது போலவே பெருமை + ஏடு = பேரேடு. பாரலல் என்பது 'ஒன்றன் பக்கத்தில் ஒன்று' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்தது. பள்ளிக் கணிதத்தில் இணைகோடு என்று ஏற்கெனவே படித்திருக்கிறோம், ஆகவே 'இணை' புதிதல்ல.

இரண்டு மாற்றுச் சொற்களைத் தவிர்க்க வேண்டும். 'துணைப் பேரேடு' என்றால் அது சப்-லெட்ஜர்: வாடிக்கையாளர், விற்பனையாளர், சொத்து ஆகியவற்றின் விவரத்தைத் தாங்கிப் பொதுப் பேரேட்டுக்குக் கூட்டுத்தொகையை அனுப்புவது. இணைப் பேரேடு யாருக்கும் கீழ்ப்பட்டதல்ல, அதிலிருந்தே தனியாக இருப்பாய்வும் இருப்புநிலைக் குறிப்பும் எடுக்கலாம். 'இரட்டைக் கணக்கு' என்பது இன்னும் மோசம். கேட்பவர் காதில் அது இரண்டாம் நம்பர் கணக்கு என்றே விழும். இணைப் பேரேட்டில் மறைப்பதற்கு எதுவுமில்லை. ஒரே ஆவணம், ஒரே தணிக்கைத் தடம், சட்டமே கேட்கும் இரண்டு மதிப்பீடுகள்.

இந்தியாவில் அந்த இரண்டு மதிப்பீடுகள் எவை? 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, சொத்தின் பயன்பாட்டு ஆயுளை வைத்துத் தேய்மானம் கணக்கிடச் சொல்கிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, மேசைக் கணினிக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு. இறுதி மதிப்பு வழக்கமாக அடக்கவிலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. வருமான வரிச் சட்டமோ ஆயுளையே பார்ப்பதில்லை. ஒரே விகிதமுள்ள சொத்துகளை ஒரு தொகுதியாகச் சேர்த்து, குறைந்துசெல் மதிப்பு முறையில் மொத்தத் தொகுதிக்கும் தேய்மானம் கணக்கிடுகிறது. பொதுவான இயந்திரத்துக்கு 15 சதவீதம், கணினிக்கு 40 சதவீதம். இந்தத் தொகுதி முறை 1988-89 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறையில் உள்ளது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2026 ஏப்ரல் 1 முதல் வந்துள்ள 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது.

ஓர் இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அடக்கவிலை ₹10,00,000. 2025 செப்டம்பர் 1-இல் நிறுவி முடித்து ஓடத் தயார். ஆனால் உற்பத்தியில் முதன்முதலாக ஓடியது நவம்பர் 1-இல். நிறுவனப் புத்தகத்தில், சொத்து பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து தேய்மானம் தொடங்கும். நேர்கோட்டு முறையில் ₹9,50,000-ஐ 15-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ₹63,333. ஏழு மாதத்துக்கு ₹36,944. வரிக்கணக்கில் உண்மையில் பயன்படுத்திய நாள்தான் கணக்கு. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை 151 நாள். 180 நாளுக்குக் குறைவாக இருப்பதால் பாதி விகிதம், அதாவது 7.5 சதவீதம், ₹75,000. அடுத்த ஆண்டு புத்தகத்தில் ₹63,333, வரியில் மிச்சமுள்ள ₹9,25,000-க்கு 15 சதவீதமாக ₹1,38,750. 2027 மார்ச் 31-இல் புத்தக மதிப்பு ₹8,99,722, வரி மதிப்பு ₹7,86,250. இடைவெளி ₹1,13,472. நிறுவனம் 22 சதவீதச் சலுகை விகிதத்தைத் தேர்ந்திருந்தால், மிகைவரியும் தீர்வையும் சேர்த்து 25.168 சதவீதம். அதன்படி ₹28,559 ஒத்திவைத்த வரிப் பொறுப்பாக, அதாவது இப்போது குறைத்துக் கட்டிப் பின்னால் கட்ட வேண்டிய வரியாக, புத்தகத்தில் நிற்க வேண்டும்.

இதையெல்லாம் எக்செலில் வைத்திருப்பவர்கள் ஏராளம். இயந்திரம் நூறைத் தாண்டியதும், எது எந்த நாளில் பயன்பாட்டுக்கு வந்தது என்ற தகவல் கொள்முதல் ஆவணத்திலிருந்து பிரிந்து போய்விடுகிறது. அதைத் தடுக்கத்தான் இணைப் பேரேடு.

சாப் எஸ்4 ஹானா என்ற ஈஆர்பி மென்பொருளில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். முதன்மைப் பேரேட்டின் பெயர் `0L`. `FINSC_LEDGER` திரையில் இன்னொரு பேரேட்டை, பெரும்பாலும் `2L` என்று, உருவாக்கி அதை ஒரு கணக்கியல் கோட்பாட்டுடன் இணைக்க வேண்டும். சொத்துக் கணக்கியலில் ஒவ்வொரு சொத்துக்கும் பல தேய்மானப் பரப்புகள், அதாவது ஒவ்வொரு விதிக்கும் தனியான தேய்மானக் கணக்குகள், இருக்கும். பரப்பு 01 `0L`-க்கு எழுதும், வரிக்கான பரப்பு (வழக்கமாக 15) `2L`-க்கு எழுதும். முறை, விகிதம், தொடக்க நாள் மூன்றையும் பரப்புக்குப் பரப்பு வேறாகக் கொடுக்கலாம். நம் இயந்திரத்தில் 01-க்குத் தொடக்கம் செப்டம்பர் 1, 15-க்கு நவம்பர் 1.

கொள்முதல் பட்டியலைப் பதிவு செய்யும்போது நடப்பதைப் புரிந்துகொள்வது முக்கியம். விற்பனையாளருக்கு நாம் தர வேண்டிய தொகை எந்தச் சட்டத்தின்படியும் ஒன்றுதான். ஆனால் சொத்தின் மதிப்பு கோட்பாட்டுக்கு ஏற்ப மாறலாம். அதனால் சாப் முதலில் எல்லாப் பேரேடுகளுக்கும் பொதுவான ஓர் ஆவணம் போடுகிறது: விற்பனையாளருக்கு வரவு, தொழில்நுட்பத் தீர்வுக் கணக்கு என்ற இடைக்கணக்குக்குப் பற்று. பிறகு ஒவ்வொரு பேரேட்டுக்கும் தனித்தனி ஆவணம்: சொத்துக்குப் பற்று, அதே இடைக்கணக்குக்கு வரவு. எனவே இடைக்கணக்கின் இருப்பு எந்தப் பேரேட்டிலும் எப்போதும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு பேரேட்டில் பூஜ்யமாகவும் மற்றொன்றில் தொகையாகவும் நின்றால், கொள்முதல் ஒரு பக்கம் முழுமையாகச் சேரவில்லை என்று அர்த்தம். மாதக் கடைசியில் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுவே. அதன் பிறகுதான் `AFAB` கொண்டு தேய்மானத்தைப் பதிய வேண்டும்.

180 நாள் விதியில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அமைப்பில் 'செப்டம்பர் 30-க்குள் வந்தால் முழு விகிதம், பிறகு பாதி' என்று வைத்துவிடுகிறார்கள், மாத அடிப்படையில் அமைப்பது எளிது என்பதால். ஆனால் அக்டோபர் 3-இல் பயன்பாட்டுக்கு வந்த சொத்து மார்ச் 31 வரை சரியாக 180 நாள் ஓடுகிறது. விதி '180 நாளுக்குக் குறைவு' என்கிறது, எனவே அதற்கு முழு விகிதம் உண்டு. பிப்ரவரியில் 29 நாள் வரும் 2027-28 போன்ற ஆண்டில் அக்டோபர் 4-உம் முழு விகிதத்தில் சேரும். அக்டோபர் முதல் வாரத்தில் வந்த சொத்துகளை மட்டும் தனியே வடிகட்டிக் கையால் சரிபார்ப்பது அரை மணி நேர வேலை. அதைச் செய்யாவிட்டால் உரிய தேய்மானத்தில் பாதியை அந்த ஆண்டில் இழப்போம்.

இதைவிட ஆழமான சிக்கல் விற்பனையில் வருகிறது. மென்பொருள் சொத்து சொத்தாக யோசிக்கும், வரிச் சட்டம் தொகுதியாக யோசிக்கும். நம் இயந்திரத்தை 2027 ஏப்ரல் 1-இல் ₹8,50,000-க்கு விற்றால், புத்தகத்தில் ₹49,722 நட்டம். வரிப் பரப்பைச் சாதாரணமாக அமைத்திருந்தால் அது ₹7,86,250-ஐக் கழித்து, `2L`-இல் ₹63,750 லாபம் எழுதிவிடும். சட்டப்படி அப்படி ஒரு லாபமே கிடையாது. விற்ற பணம் தொகுதியின் மதிப்பிலிருந்து கழியும், அவ்வளவுதான். அந்தத் தொகுதியில் மற்ற இயந்திரங்கள் ₹50,00,000-க்கு இருந்தால், மொத்தம் ₹57,86,250. விற்ற தொகை போக ₹49,36,250. அதற்கு 15 சதவீதம் ₹7,40,438. தவறான அமைப்போ ₹50,00,000-க்குத் தேய்மானம் போட்டு ₹7,50,000 காட்டும். விற்ற தொகை தொகுதி மதிப்பையே மிஞ்சும்போதுதான் மிஞ்சியது குறுகிய கால மூலதன ஆதாயம் ஆகும். இதைச் சரியாகச் செய்ய, வரிப் பரப்பில் `AS21` மூலம் குழுச் சொத்து ஒன்றைத் தொகுதிக்கு ஒன்றாக உருவாக்கி, தனிச் சொத்துகளை அதனுடன் கட்ட வேண்டும். பிறகு விற்பனை குழுச் சொத்தின் மதிப்பைக் குறைக்கும், லாப நட்டம் எழுதாது. வாங்கும்போதே கட்டாமல் விட்ட சொத்து, விற்கும் நாள்வரை தவறைக் காட்டாது.

எல்லா நிறுவனத்துக்கும் முழு இணைப் பேரேடு தேவையா என்றால், தேவையில்லை என்பதே நேர்மையான பதில். வருமான வரிக்காகத் தனிப் புத்தகம் வைக்கச் சட்டம் கேட்கவில்லை. வேறுபாடு தேய்மானத்தில் மட்டும் என்றால், பேரேட்டில் எதுவும் எழுதாத ஒரு தேய்மானப் பரப்பும் அதன் அறிக்கையும் போதும். குத்தகை, அந்நியச் செலாவணி வேறுபாடு, வருவாயை அங்கீகரிக்கும் காலம் என்று பல இடங்களில் புத்தகமும் வரியும் பிரியும்போது, அல்லது வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு வேறு விதியில் கணக்கு அனுப்பும்போது, இணைப் பேரேடு தன் செலவுக்கு ஈடுகொடுக்கும்.

வைத்துவிட்டால் கையால் போடும் பதிவுகளில் கவனம் வேண்டும். ஒத்திவைத்த வரிப் பதிவு `0L`-இல் மட்டும் இருக்க வேண்டும். அதற்கு, பதிவு எந்தப் பேரேடுகளுக்குப் போக வேண்டும் என்று பேரேட்டுக் குழுவைக் கேட்கும் `FB50L` திரையைப் பயன்படுத்த வேண்டும். பழக்கத்தில் `FB50` போட்டால் பதிவு எல்லாப் பேரேடுகளுக்கும் போய்விடும். எதிர்த் தவறும் உண்டு: சம்பள ஒதுக்கீட்டை `FB50L`-இல் `0L`-க்கு மட்டும் போட்டுவிடுவது. இரண்டையும் பிடிக்க, இரு பேரேடுகளின் வேறுபாட்டைக் கணக்கு வாரியாக எடுக்கலாம்:

```
SELECT RACCT,
  SUM(CASE RLDNR WHEN '0L' THEN HSL ELSE -HSL END) AS DIFF
FROM ACDOCA
WHERE RLDNR IN ('0L','2L')
  AND RBUKRS = '1000' AND GJAHR = '2025'
GROUP BY RACCT
HAVING SUM(CASE RLDNR WHEN '0L' THEN HSL ELSE -HSL END) <> 0
```

வரும் பட்டியலில் தேய்மானச் செலவு, திரண்ட தேய்மானம், சொத்து விற்பனை லாப நட்டம், ஒத்திவைத்த வரி, முந்தைய ஆண்டுகளின் நிறுத்திவைத்த வருவாய் ஆகியவை மட்டும் இருக்கலாம். ஒத்திவைத்த வரி பட்டியலில் வராமலே போனால், அது எல்லாப் பேரேடுகளுக்கும் போயிருக்கிறது என்று அர்த்தம். சொத்தின் அடக்கவிலைக் கணக்கு வந்தால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும். உதாரணமாக, ஒரே நாளில் ஒருவருக்கு ₹10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை வரிக்கணக்கின் அடக்கவிலையில் சேராது. மின்கட்டணமோ சம்பளமோ பட்டியலில் தலைகாட்டினால், பதிவு தவறான பேரேட்டுக் குழுவுக்குப் போயிருக்கிறது. அந்த ஆவணத்தை அதே குழுவில் எதிர்ப்பதிவு செய்து, எல்லாப் பேரேடுகளுக்குமாக மறுபடி போட வேண்டும்.