அசல் அப்படியே, வட்டி மட்டும் ஏறும் நிரல்

1992-இல் வார்ட் கன்னிங்ஹாம், வைகேஷ் என்ற நிதி மென்பொருளை உருவாக்கிய அனுபவத்தை எழுதும்போது, முதல்முறை வெளியிடும் நிரலைக் கடனுக்கு ஒப்பிட்டார். சிறு கடன் வேலையை வேகப்படுத்தும், ஆனால் சீக்கிரம் திருத்தி எழுதி அடைத்துவிட வேண்டும் என்றார். அடைக்காவிட்டால் வட்டி எங்கே ஏறுகிறது என்பதை ஒரு கற்பனை ஆர்டர் செயலியில் பார்ப்போம்.

குழு வேலையைச் சில வாரச் சுற்றுகளாக, அதாவது ஸ்பிரின்ட்டுகளாகப் பிரித்துச் செய்கிறது. முதல் ஸ்பிரின்ட்டில், பொருளுக்குப் பொருள் தள்ளுபடி கழித்து, இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கிக் கூட்டும் கணக்கைக் கூடைப் பக்கத்தில் எழுதுகிறார்கள். அடுத்த ஸ்பிரின்ட்டில் அதே கணக்கு மின்னஞ்சலுக்கும் தேவைப்பட, அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள். மூன்றாவதில் ரசீதை எழுதுபவர் வேறொருவர். அவர் மொத்தத்தைக் கூட்டிவிட்டுத் தள்ளுபடியைக் கழிக்கிறார்.

3.33 விலையில் மூன்று பொருள்கள், 10% தள்ளுபடி. ஒவ்வொன்றும் 2.997, அதாவது 3.00, கூடையில் 9.00 தெரியும். ரசீதிலோ 9.99-இல் 10% கழித்து 8.99. இந்த 0.01 புகாராக வந்து சேரும்போது, எந்தக் கணக்கு சரி என்று சொல்ல ஆளில்லை.

நான்காவது ஸ்பிரின்ட்டில் கூப்பன் வசதி சேர்க்க வேண்டும். ஒரே விதியை மூன்று இடங்களில் மாற்றி, மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். வேலையின் பளுவைப் பாயிண்ட்டில் மதிப்பிடும்போது, முன்பு 3 போட்ட அளவு வேலைக்கு இப்போது குழு 8 போடுகிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: மதிப்பீடே வீங்கிவிடுவதால், ஸ்பிரின்ட்டுக்கு எத்தனை பாயிண்ட் முடிந்தது என்று காட்டும் வெலாசிட்டி வரைபடம் இறங்குவதே இல்லை! ஸ்பிரின்ட்டுக்கு 30 பாயிண்ட் முடிந்துகொண்டே இருக்கும், வெளியே போகும் வசதிகள்தான் குறையும். அதனால் பாயிண்ட்டை விட்டுவிட்டு, ஒரே வகை வேலை தொடங்கி முடிய எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். `git log --stat` கொடுத்தால், ஒரு சின்ன மாற்றத்துக்கு எத்தனை கோப்புகள் தொடப்படுகின்றன என்பதும் தெரிந்துவிடும்.

கடனை அடைக்கும் வழி ரீஃபாக்டரிங்: வெளியே தெரியும் நடத்தையை மாற்றாமல் உள்ளமைப்பை மட்டும் சீராக்குவது. முதலில் இன்று வரும் விடைகளை, தவறான விடை உட்பட, டெஸ்ட்டாகப் பதிவு செய்ய வேண்டும், கூடைக்கு 9.00, ரசீதுக்கு 8.99. பிறகு கூடையின் கணக்கைத் தனி ஃபங்ஷனாகப் பிரித்து, கூடையையும் மின்னஞ்சலையும் ஒவ்வொன்றாக அதற்கு மாற்றி, ஒவ்வொரு அடியிலும் டெஸ்ட்டை ஓட்ட வேண்டும். ரசீதை இப்போது தொடக்கூடாது. அங்கே விடையே மாறும், அது பக் திருத்தம். எந்த விடை சரி என்று ப்ராடக்ட் ஓனர் சொன்ன பிறகு, அதைத் தனி கமிட்டில் செய்ய வேண்டும். இரண்டையும் ஒரே கமிட்டில் கலந்துவிட்டால், டெஸ்ட் உடையும்போது காரணம் எது என்று தேடித் தேடியே நாள் போய்விடும்.

இந்த வேலையைத் தனி 'சுத்தம் செய்யும் ஸ்பிரின்ட்' வரட்டும் என்று தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். கூப்பன் வேலைக்குள்ளேயே, கூப்பனைச் சேர்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் திருத்தவும் வேண்டாம். இரண்டு வருடமாக யாரும் தொடாத அறிக்கை மாட்யூல் எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும், அதற்கு இப்போது யாரும் வட்டி கட்டவில்லை.