பீமை அகலமாக்கினால் ஆழத்தைக் குறைக்கலாமா? வீடு கட்டுபவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்ட்ரக்சுரல் டிராயிங் கைக்குப் போன மறுநாள் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே விஷயத்துக்குத்தான் வரும். ஹால் நடுவில் பீம் தொங்குகிறது, பார்க்க நன்றாக இல்லை, கொஞ்சம் மேலே ஏற்ற முடியுமா? வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். கணக்குக்கு ஒரே பீமை எடுத்துக்கொள்கிறேன். 5 மீட்டர், அதாவது பதினாறரை அடி ஹால். பீம் 9 இன்ச் அகலம், 18 இன்ச் ஆழம். அதன் மேல் மீட்டருக்குச் சுமார் 2 டன் பாரம். எம்20 கான்கிரீட், எஃப்இ 500 கம்பி.

"சார், 18 இன்ச்சை 12 இன்ச் ஆக்கிட்டு, அகலத்தை 9-லிருந்து 13½ ஆக்கிடலாமே? கான்கிரீட் அதே அளவுதானே?"

கான்கிரீட் அதே அளவுதான். 9 × 18-ம் 162, 13½ × 12-ம் 162. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு பாதிக்கும் கீழே போய்விடும். செவ்வக பீமின் விறைப்பை இந்தச் சூத்திரம் சொல்லும்:

```
I = b × D³ / 12
```

b அகலம், D ஆழம். அகலம் ஒரு தடவை பெருக்கப்படுகிறது, ஆழம் மூன்று தடவை. ஒன்றரை மடங்கு அகலத்தால் கிடைப்பது 1.5. ஆழம் மூன்றில் ஒரு பங்கு குறைவதால் போவது 3.375 மடங்கு. 1.5-ஐ 3.375-ஆல் வகுத்துப் பார்த்தால் மிஞ்சுவது பழைய விறைப்பில் 44 சதவீதம்.

ஆழத்தை 12 இன்ச்சாகவே வைத்துக்கொண்டு பழைய விறைப்பைத் திரும்பப் பெற வேண்டுமானால் பீம் 30 இன்ச்சுக்கு மேல் அகலமாக இருக்க வேண்டும். இரண்டரை அடி! கான்கிரீட் இரண்டேகால் மடங்கு ஆகும். பீமின் சொந்த எடை மட்டும் அடிக்கு 80 கிலோவிலிருந்து 180 கிலோ அளவுக்கு ஏறும். அந்தக் கூடுதல் எடையையும் அந்த பீமேதான் சுமக்க வேண்டும் என்பதால் 30 இன்ச்சும் போதாது.

"அது எப்படி ஆழத்துக்கு மட்டும் மூன்று தடவை?"

சாரத்தில் போடும் பலகையைப் படுக்கையாகப் போட்டு நடந்தால் அது தொய்கிறது. அதையே நெட்டுக்குத்தாக நிறுத்திப் பிடித்தால் அசையாது. 9 இன்ச் அகலம், ஒன்றரை இன்ச் தடிமன் உள்ள பலகையில் இந்த இரண்டு நிலைக்கும் விறைப்பு வித்தியாசம் 36 மடங்கு. மரம் அதே மரம்தான்.

காரணம் இதுதான். பீம் வளையும்போது மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுவில் ஒரு மட்டத்தில் இரண்டும் இல்லை. நடுமட்டத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அந்த அளவுக்கு ஒரு அடுக்கு நீள வேண்டியிருக்கும், அந்த அளவுக்கு அது எதிர்த்து இழுக்கும். இது முதல் தடவை. அந்த இழுப்பு நடுமட்டத்தைச் சுற்றி நெம்புகோல் போல வேலை செய்கிறது. தள்ளி இருப்பதால் நெம்பும் நீளமும் கூடுகிறது. இது இரண்டாவது. ஆழம் கூடினால் அப்படிப்பட்ட அடுக்குகளின் எண்ணிக்கையே கூடுகிறது. இது மூன்றாவது. அகலத்தைக் கூட்டினால் இந்த மூன்றாவதுக்குச் சமமான ஒன்று மட்டும்தான் நடக்கிறது. இருக்கிற அடுக்குகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் அகலமாகின்றன, யாரும் நடுமட்டத்திலிருந்து தள்ளிப் போவதில்லை.

"ஆனா கான்கிரீட் பீம் விரிசல் விடும்தானே? அப்பவும் இதே கணக்கா?"

நல்ல கேள்வி. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் டிப்ளமோ முடித்த சைட் இன்ஜினியர்கள். மேலே உள்ள சூத்திரம் விரிசல் விடாத பீமுக்கு. நிஜ பீமில் கீழ்ப்பக்கக் கான்கிரீட் மயிரிழை மயிரிழையாக விரிந்துவிடும். அது இயல்பு, தப்பில்லை. அதற்குப் பிறகு இழுப்பைத் தாங்குவது கம்பி, நசுக்கலைத் தாங்குவது மேலே உள்ள சில இன்ச் கான்கிரீட். நடுவில் இருப்பது இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் அகலத்தின் பங்கு இன்னும் சுருங்குகிறது.

நம் பீமில் கீழே 16 எம்எம் கம்பி மூன்று இருப்பதாக வைத்து விரிசல் விட்ட நிலையில் கணக்குப் போட்டேன். ஆழத்தையும் கம்பியையும் அப்படியே விட்டு அகலத்தை 9-லிருந்து 18 இன்ச் ஆக்கினால் விறைப்பு கூடுவது சுமார் 13 சதவீதம். கான்கிரீட் செலவு இரட்டிப்பு, லாபம் 13 சதவீதம். அதே பீமில் அகலத்தைத் தொடாமல் ஆழத்தை 6 இன்ச் கூட்டி 24 ஆக்கினால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இதில் இன்னொன்றும் உண்டு. பீமோடு சேர்த்து ஊற்றிய ஸ்லாப், பீமின் நடுப்பகுதியில் மேல்பக்க நசுக்கலைப் பகிர்ந்துகொள்கிறது. மேலே தேவையான அகலம் இலவசமாகவே கிடைத்துவிட்டது. கீழே தொங்கும் தண்டை அகலமாக்குவதால் வரும் லாபம் நான் சொன்ன 13-ஐ விடவும் குறைவாகத்தான் இருக்கும்.

"கம்பியைக் கூட்டிப் போட்டா சரியாயிடும்னு மேஸ்திரி சொல்றாரே?"

உடையாமல் இருப்பது வேறு, தொய்யாமல் இருப்பது வேறு. மேஸ்திரி சொல்வது முதலாவதுக்குச் சரி. 12 இன்ச் ஆழ பீமில் அதே பாரத்தைத் தாங்க 16 எம்எம் கம்பி மூன்றுக்குப் பதில் ஐந்து வேண்டும். போட்டால் உடையாது. ஆனால் தொய்வு? இரு முனையிலும் சுவரில் உட்கார்ந்த செவ்வக பீமாக வைத்துப் பார்த்தால் 18 இன்ச் பீம் நடுவில் சுமார் 12 எம்எம் இறங்குகிறது. 13½ × 12 பீம் ஐந்து கம்பியோடும் 21 எம்எம் இறங்குகிறது. ஸ்லாப் சேர்ந்தால் இரண்டுமே குறையும், ஆனால் எது அதிகம் இறங்கும் என்பது மாறாது. இது பாரம் ஏற்றியவுடன் வரும் தொய்வு மட்டும். கான்கிரீட் நிலையான பாரத்தின் கீழ் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், அது இதற்கு மேல்.

கான்கிரீட் கட்டுமான விதியான ஐஎஸ் 456 இதை எளிய ஒரு சோதனையாக வைத்திருக்கிறது. நீளத்தைப் பயனுள்ள ஆழத்தால் வகுக்க வேண்டும். பயனுள்ள ஆழம் என்பது மேல்பரப்பிலிருந்து கீழ்க்கம்பியின் நடு வரை. சாதாரணமாக இரு முனையில் உட்கார்ந்த பீமுக்கு அடிப்படை வரம்பு 20, தொடர்ச்சியான பீமுக்கு 26, ஒரு முனையில் மட்டும் பிடித்து நிற்கும் கேன்டிலீவருக்கு 7. இதில் அகலம் நேரடியாக எங்கேயும் வராது. நம் 18 இன்ச் பீமுக்கு விடை 12, தாராளம். 12 இன்ச் பீமுக்கு 19. பாஸ் என்று தோன்றும். ஆனால் கம்பி சதவீதம் கூடினால் வரம்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும் அதே ஐஎஸ் சொல்கிறது. ஐந்து கம்பி போட்ட பீமுக்கு வரம்பு 17-க்கு வந்துவிடும். கம்பியைத் திணித்ததாலேயே ஃபெயில்.

"கன்சீல்டு பீம் போட்டுட்டா? ஸ்லாப்புக்குள்ளேயே மறைஞ்சிடும்."

5 இன்ச் ஸ்லாப்புக்குள் 3 அடி அகலத்துக்குக் கம்பி கட்டி, அதை பீம் என்று அழைப்பது நம் ஊரில் பரவலாகிவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல் உண்டு, மறைக்கவில்லை. விரிசல் விடாத கணக்கில் அதன் விறைப்பு, 9 × 18 பீமின் பன்னிரண்டில் ஒரு பங்கு. பாரம் எப்போதும் விறைப்பான வழியைத் தேடித்தான் போகும். பக்கத்து ஸ்லாப்பும் அதே 5 இன்ச் என்பதால் அங்கே ஒரு பீம் இருப்பதே ஸ்லாப்புக்குத் தெரியாது. பீம் தாங்கும் என்று வடிவமைத்த ஸ்லாப், தாங்கல் இல்லாமல் முழு ஹாலுக்கும் குறுக்கே வளையும். சின்ன நீளத்துக்கு, கதவு மேலே, பாத்ரூம் சுவர் கீழே என்றால் ஒத்துக்கொள்வேன். ஹாலின் நடுவில் கூடாது.

"தொய்வு அதிகமாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

பீமின் மேல் செங்கல் தடுப்புச் சுவர் இருந்தால் அதுதான் முதலில் சொல்லும். பீம் கீழே இறங்க, சுவர் வளைவு போல இரு முனையிலும் ஊன்றி நிற்கப் பார்க்கும். அதனால் சுவரின் அடியில், நடுப்பகுதியில், தரையோடு ஒட்டிப் படுக்கையாக ஒரு பிளவு தெரியும். முனைகளில் சாய்வான விரிசல் வரும். அந்தச் சுவரில் கதவு இருந்தால் மேல் சட்டத்தில் இடிக்க ஆரம்பிக்கும். பூச்சு பூசி மறைத்தாலும் ஒரு வருடத்தில் அதே இடத்தில் திரும்ப வரும்.

அளந்து பார்க்க பீமின் அடியில் முனைக்கு முனை நைலான் நூலை இறுக்கிக் கட்டி நடுவில் இடைவெளி பாருங்கள். ஒரு எச்சரிக்கை: சென்ட்ரிங் முட்டு இறங்கியதால் கட்டும்போதே தொங்கலாக வார்க்கப்பட்ட பீமும் இப்படித்தான் காட்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்தால் எண் மாறுகிறதா என்பதில்தான் விஷயம்.

"அப்ப பீம் தொங்கிட்டுத்தான் இருக்கணுமா?"

முதலில் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். டிராயிங்கில் 18 இன்ச் என்பது ஸ்லாப்பின் மேல்பரப்பிலிருந்து. 5 இன்ச் ஸ்லாப் கழிந்தால் கண்ணுக்குத் தெரிவது 13 இன்ச்தான். இதைச் சொன்னவுடனேயே நிறையப் பேர் சமாதானமாகிவிடுகிறார்கள். இல்லையென்றால் பீமைத் தலைகீழாக, ஸ்லாப்புக்கு மேலே எடுக்கலாம். மேலே சுவரோ மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோ வரும் இடத்தில் இது அருமையாக ஒளிந்துகொள்ளும். ஸ்லாப் அப்போது பீமில் தொங்குவதால் ரிங்குகள் ஸ்லாப்பின் கீழ்க்கம்பியைச் சுற்றி எடுத்துப் பிடிக்க வேண்டும். இதை டிராயிங்கில் கேட்டு வாங்குங்கள்.

"அகலத்துக்கு அப்ப வேலையே இல்லையா?"

உண்டு. கம்பிகளுக்கு இடையே ஜல்லியும் வைப்ரேட்டர் ஊசியும் இறங்க இடம் வேண்டும். முறுக்கு வரும் பீமுக்கு அகலம் உதவும். ஷியருக்கு அகலமும் ஆழமும் சம உரிமை. நிலநடுக்க விதியான ஐஎஸ் 13920 பீம் அகலம் 200 எம்எம்முக்குக் குறையக்கூடாது என்கிறது. ஆழத்தை இஷ்டத்துக்கு ஏற்றவும் முடியாது. 750 எம்எம் தாண்டினால் பக்கவாட்டில் கம்பி தனியாகப் போட வேண்டும்.

"கான்கிரீட் போடற அன்னைக்கு நான் என்ன பார்க்கணும்?"

கவர் பிளாக். கீழ்க்கம்பிக்கு அடியில் உடைந்த ஜல்லித் துண்டையோ பெரிய கல்லையோ செருகி வைத்திருந்தால் கம்பி மேலே ஏறிவிடும், வெளியிலிருந்து பீம் அதே 18 இன்ச்தான். கம்பி ஒரு இன்ச் ஏறினால் நம் பீம் இழக்கும் விறைப்பு சுமார் 13 சதவீதம். அகலத்தை இரட்டிப்பாக்கிக் கிடைத்த அதே 13. ஆழம் குறைந்த 12 இன்ச் பீமில் அதே ஒரு இன்ச் பிழைக்குப் போவது 20 சதவீதம். லாரி வருவதற்கு முன் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சென்ட்ரிங் பலகையிலிருந்து கம்பியைச் சுற்றியுள்ள ரிங்கின் அடி வரை மூன்று இடத்தில் அளந்து, டிராயிங்கில் உள்ள கவரோடு ஒப்பிடுங்கள்.